‘இன்னும் 3 மட்டும்’ என்று போடுவதற்கு முன்

மும்பை மாட்டுங்காவில் ஒரு சேலைக் கடைக்குப் பண்டிகை ஆஃபர் மெசேஜ்களை நான்தான் எழுதித் தருகிறேன். போன தீபாவளிக்கு ஒரு அம்மா போன் செய்தார். "தம்பி, காலையில பாத்தப்பவும் மூணுதான் இருந்துச்சு, ராத்திரியும் மூணுதான் இருக்கு. ஒண்ணுகூட விக்கலையா?"

பார்த்தால், ‘இன்னும் 3 மட்டும்’ என்பது வெப்சைட்டில் யாரோ கையால் டைப் செய்து வைத்த வரி. கடை அலமாரியில் அதே சேலை 22 இருந்தது. அன்று எனக்கு உண்மையிலேயே கூச்சமாக இருந்தது.

அந்த எண்ணைக் கையிருப்புக் கணக்கோடு இணைத்துவிட்டாலும் தவறு வரும். கவுண்டரில் விற்றதை உடனே கணக்கில் கழிக்காவிட்டால், இல்லாத சேலைக்கு ஆன்லைனில் பணம் வாங்கிவிடுவோம். அதனால் 40 சேலை இருந்தால் 10-ஐக் கடைக்கென்று தனியே வைத்துவிட்டு, 30-ஐ மட்டும் வெப்சைட்டில் ஏற்றுங்கள். எண்ணிக்கையை நிறம் நிறமாகக் காட்டுங்கள். மொத்தம் 6 என்று போட்டு, ஆறுமே மெரூனாக இருந்தால், பச்சை கேட்டு வந்தவருக்கு அது பொய்தான்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை காஞ்சிபுரத்திலிருந்து அடுத்த பண்டல் வரப்போகிறது என்று தெரிந்துகொண்டே ‘கடைசி 3’ என்று போடுவது. எண் சரிதான், ஆனால் வாங்குபவர் புரிந்துகொள்வது வேறு. ‘இந்த லாட்டில் 3 இருக்கிறது, அடுத்தது செவ்வாய் வரும்’ என்று எழுதுங்கள். அவசரமாக வேண்டியவர் அப்போதும் உடனே வாங்குவார்.

அப்புறம் கவுண்ட்டவுன் டைமர். சில டைமர்கள் ஒவ்வொருவர் உள்ளே வரும்போதும் 2 மணி நேரத்திலிருந்து புதிதாக ஓடும். உங்கள் தளத்தை இன்காக்னிட்டோவில் திறந்து பாருங்கள். முதலிலிருந்து தொடங்கினால் அது ஏமாற்று டைமர், எடுத்துவிடுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் 13 ‘டார்க் பேட்டர்ன்’கள், அதாவது வாங்குபவரை ஏமாற்றும் ஆன்லைன் உத்திகள், பட்டியலிடப்பட்டுள்ளன. அவற்றில் முதலாவதே பொய்யான அவசரம்தான். நேரத்தை வைத்து மட்டுமல்ல, கையிருப்புக் குறைவு என்று போலியாகக் காட்டி வாங்க வைப்பதும் அதில் அடங்கும்.

கெடு வைப்பதில் தப்பே இல்லை. அதற்குக் காரணம் இருந்தால் போதும். நாங்கள் மாற்றி எழுதிய மெசேஜ் இது: "பிளவுஸ் தைத்துத் தீபாவளிக்கு முன் கையில் கிடைக்க, சனிக்கிழமை இரவு 9 மணிக்குள் ஆர்டர் கொடுங்கள். டெய்லருக்கு ஐந்து நாள் வேண்டும். பிளவுஸ் வேண்டாம் என்றால் செவ்வாய் வரை நேரமிருக்கிறது." ‘சீக்கிரம்’, ‘தவறவிடாதீர்கள்’ எதுவும் தேவைப்படவில்லை. தொடங்கும்போது ஒன்று, கடைசி நாள் ஒன்று என இரண்டு மெசேஜ் போதும். ஏற்கெனவே வாங்கியவருக்கு இரண்டாவதை அனுப்பாதீர்கள்.

ஞாயிறு இரவோடு தள்ளுபடி முடியும் என்று சொல்லியிருந்தால், திங்கள் காலை கடை திறக்கும்போது விலை பழையபடி இருக்க வேண்டும். ‘உங்கள் வேண்டுகோளுக்கிணங்க நீட்டிப்பு’ என்று போட்டால், ஞாயிறு ராத்திரி அவசரமாக ஜிபே செய்தவர்தான் முதலில் அதைப் பார்ப்பார்.