நீளமான மொட்டை மாடியின் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்: போர்டிலும் சீலன்ட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் கொண்டலாம்பட்டிப் பக்கம் ஒரு தறிக்கூடம் என்று வைத்துக்கொள்வோம். மாடி 48 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். 45 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்கு எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் வேண்டும் என்பது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி IS 456 சொல்வது. அதனால் நடுவில், இரட்டைத் தூண், இரட்டை பீம் போட்டு 25 மி.மீ. இடைவெளி விட்டிருக்கிறார்கள். பீமோடு சேர்த்து இடைவெளியின் ஆழம் 450 மி.மீ. அதை அடியில் நிரப்புப் போர்டும், மேலே ரப்பர்போல இழுபடும் சீலன்ட்டும் அடைக்கும்.

அந்த இடைவெளி எவ்வளவு அசையும்? கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு நூறில் ஒரு மி.மீ. நீளும். ஜாயின்ட்டுக்கு இருபுறமும் 24 மீட்டர். ஒவ்வொரு பாதியும் தன் நடுப்புள்ளியை வைத்து நீண்டு சுருங்குவதால் ஜாயின்ட்டில் சேர்வது 24 மீட்டருக்கான அசைவு. ஜனவரி விடியலுக்கும் மே மதியத்துக்கும் தளத்தின் சூடு 35 டிகிரி மாறுகிறது என்று எடுத்தால் 24 × 35 × 0.01 = 8.4 மி.மீ. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டால் பாதித் தவறுகள் தானாகவே பிடிபடும்.

முதலில், மே மாத மதியத்தில் சீலன்ட் அடிப்பது. அப்போதுதான் இடைவெளி மிகக் குறுகி இருக்கும். 25 மி.மீ. இடைவெளியில் அன்று அடித்தால் ஜனவரியில் அது 33 மி.மீ. ஆகும், சீலன்ட் மூன்றில் ஒரு பங்கு இழுபட வேண்டும். 25 சதவீதம் தாங்கும் பாலிசல்ஃபைடு வகைச் சீலன்ட் அதற்கு ஈடுகொடுக்காது. பிப்ரவரி, மார்ச் காலை வேளையில் அடித்தால் இரு பக்கமும் நாலு மி.மீ. சொச்சம்தான், தாங்கிவிடும். ஏற்காட்டில் கட்டுவோருக்கு வேறு கவலை: பனிமூட்டம் விலகி விளிம்பு கையில் ஈரம் ஒட்டாத அளவுக்குக் காயும் வரை, சீலன்ட்டுக்கு முன் பூசும் பிரைமரைத் தொடக்கூடாது.

அடுத்தது, சீலன்ட்டைப் போர்டின் மேலேயே நேராக ஊற்றுவது. இங்குதான் பெரும்பாலான ஜாயின்ட்கள் கெடுகின்றன. சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டியிருக்க வேண்டும். அடியிலும் ஒட்டினால் விரியும்போது நடுப்பகுதி நகர வழியில்லாமல் கிழிந்துவிடும். போர்டு தார் ஊறியதாக இருந்தால் அந்தத் தார் சீலன்ட்டின் ஒட்டுதலையும் கெடுக்கும். அதனால் இடையில் 30 மி.மீ. விட்டமுள்ள பேக்கர் ராட் என்ற நுரைக் கயிற்றை அழுத்திச் செருகுங்கள். கூர்மையான கம்பியால் குத்தித் தள்ளினால் ராட் ஓட்டையாகி, காற்று வெளிவந்து சீலன்ட்டில் குமிழ் விடும். மழுங்கிய மரத்துண்டு போதும்.

சீலன்ட்டின் ஆழம் அகலத்தில் பாதி, அதாவது 12 மி.மீ. ‘கொஞ்சம் தடிமனா போட்டா நல்லா நிக்கும் சார்’ என்று மேஸ்திரி சொல்வார். தடித்தால் இழுபடாது, விளிம்பைத்தான் பிய்த்துக்கொண்டு வரும்.

சரி, பொருள் கணக்கு. மேலே 50 மி.மீ. விட்டுவிடுங்கள்: ராடுக்கு 30, சீலன்ட்டுக்கு 12, மீதி சீலன்ட் தள மட்டத்துக்குக் கீழே நிற்க. ஆகவே போர்டின் உயரம் 400 மி.மீ. எட்டுக்கு நாலு அடி ஷீட்டில் இப்படி மூன்று பட்டைகள் வெட்டலாம், ஒவ்வொன்றும் 2.44 மீட்டர். 14 மீட்டருக்கு ஆறு பட்டை, இரண்டு ஷீட். பணம் மிச்சம் என்று தெர்மாகோல் வைப்பவர்கள் உண்டு. வைப்ரேட்டர் ஓடும்போது அது நொறுங்கி, கலவை உள்ளே இறங்கி, இரண்டு பீமும் ஒட்டிக்கொள்ளும்.

சீலன்ட்டில் மீட்டருக்கு 25 × 12 × 1000 கன மி.மீ., அதாவது 300 மி.லி. நீளம் 14 மீட்டர் என்று நிறுத்திவிடக் கூடாது. கைப்பிடிச் சுவரிலும் ஜாயின்ட் தொடர வேண்டும்: உட்புறம் 0.9, மேலே 0.23, வெளிப்புறம் 0.9, இரு சுவருக்கும் சேர்த்து 4 மீட்டர். சுவரை ஒரே கட்டாகப் பூசினால் அங்கேதான் முதல் விரிசல் வரும். மொத்தம் 18 மீட்டருக்கு 5.4 லிட்டர், சேதாரத்தோடு 6 லிட்டர். 600 மி.லி. சாசேஜ் பாக்கெட்டில் பத்து. சுவருக்கு ஊற்றும் வகை வழிந்துவிடும், சீலன்ட் கன் வைத்து அடிக்கும் வகையே வேண்டும்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. இரு பகுதி பாலிசல்ஃபைடு கிலோவில் விற்கும். அதன் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 1.65 கிலோ என்றால் 6 லிட்டருக்கு 10 கிலோ வேண்டும். 6 லிட்டர் தேவை என்று 6 கிலோ வாங்கினால், சேதாரம் போக 12 மீட்டர்கூட முழுசாக எட்டாது. டப்பாவின் டேட்டா ஷீட்டில் அடர்த்தியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் தட்டோடு. ஓடு பதிக்கும் ஆட்கள் ஜாயின்ட்டுக்கு மேலேயே ஓட்டை ஒட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஓட்டு வரிசை முதல் கோடையிலேயே தூக்கிக்கொள்ளும். கலவையும் ஓடும் அதே கோட்டில் வெட்டப்பட வேண்டும்.

அடுத்த ஜனவரியில் ஏறிப் பாருங்கள். பிளவு நடுவில் ஓடினால் சீலன்ட் அடியிலும் ஒட்டியதே காரணம். விளிம்பில் பிரிந்தால் தடிமன் காரணமாக இருக்கலாம்; பிரிந்த இடத்தை விரலால் தேய்த்தும் பாருங்கள்: சிமென்ட் பால் பொடியாக வந்தால் கம்பி பிரஷ் போடாமலேயே பிரைமர் அடித்திருக்கிறார்கள்.