கல்வியியல் ஆய்விதழ்க் கட்டுரையைக் குறிப்பெடுத்துச் சுருக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்மையில் முதலாண்டு மாணவர்கள் மூவர், சமர்ப்பிக்கும் முன் ஒருமுறை பார்த்துத் தரும்படி தங்கள் ஒப்படைப்புகளை என்னிடம் கொடுத்தார்கள். மூவரும் ஒரே ஆய்விதழ்க் கட்டுரையைச் சுருக்கியிருந்தனர். மூவரும் நான் ஒரு காலத்தில் செய்த அதே பிழையைச் செய்திருந்தனர். கட்டுரையைப் பாதியில் நிறுத்துவது, கடைசி இரவில் தொடங்குவது போன்றவற்றை இங்கே நான் எழுதப்போவதில்லை, ஏனெனில் அவற்றைச் செய்பவருக்கே அவை தவறென்று தெரியும். செய்கிறோம் என்று தெரியாமலே செய்பவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் வாசிப்பிலேயே கோடிடுதல்

எதைத் தேடுகிறோம் என்று தெரியாத நிலையில் எல்லா வாக்கியங்களும் முக்கியமாகவே தோன்றும். முதலில் ஆய்வுச் சுருக்கத்தையும், ஆய்வு வினாக்கள் இடம்பெறும் முன்னுரையின் கடைசிப் பத்தியையும், முடிவுரையின் தொடக்கத்தையும் பென்சிலைத் தொடாமல் படியுங்கள். பிறகு ஒப்படைப்பின் கேள்வியைக் கட்டுரையின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, அதற்கு விடையளிக்கும் இடங்களை மட்டும் குறியுங்கள்.

யாருடைய கூற்று என்று குறிக்காமல் விடுதல்

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். கல்வியியல் கட்டுரை ஒன்றில் குறைந்தது மூன்று குரல்கள் கலந்திருக்கும்: முந்தைய ஆய்வாளர்கள் சொன்னது, இக்கட்டுரையின் தரவு காட்டுவது, அத்தரவைக் கொண்டு ஆசிரியர் வாதிடுவது. படிக்கும்போது நம் மனத்தில் எழுவது நான்காவது குரல். நான்கையும் ஒரே மஞ்சள் மையால் நிரப்பிவிட்டால், இரண்டு வாரம் கழித்துச் சுருக்கம் எழுத உட்காரும்போது எல்லாமே கட்டுரை ஆசிரியரின் கண்டுபிடிப்பாகிவிடும்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் பெஞ்சமின் புளூம் 1984-இல் ‘எஜுகேஷனல் ரிசர்ச்சர்’ இதழில் எழுதிய, ‘இரண்டு சிக்மா சிக்கல்’ என்று அறியப்படும் கட்டுரையை ஒப்படைப்புக்காகப் படித்தேன். அதில் வகுப்பறைக் காரணிகள் ஒவ்வொன்றும் மாணவர் அடைவை எவ்வளவு மாற்றுகின்றன என்று காட்டும் விளைவு அளவுகளைத் தரும் அட்டவணை ஒன்று உண்டு. திருத்தித் தரப்படும் வீட்டுப்பாடத்திற்கு 0.80 என்றும், கொடுக்க மட்டும் செய்யும் வீட்டுப்பாடத்திற்கு 0.30 என்றும் அது சொல்கிறது. நான் மகிழ்ச்சியோடு, “வீட்டுப்பாடத்தைத் திருத்தித் தருவது அடைவைப் பெரிதும் உயர்த்துகிறது எனப் புளூம் தம் ஆய்வில் கண்டறிந்தார்” என்று எழுதி, அடுத்த இரண்டு பத்திகளையும் அதன்மேல் கட்டினேன். திரும்பி வந்த தாளின் ஓரத்தில் பேராசிரியர் ஒரே ஒரு கேள்வியை எழுதியிருந்தார்: “எந்த வகுப்பில் சோதித்தார்?”

அந்த வகுப்பைத் தேடி ஒரு மாலை முழுவதும் கட்டுரையைப் புரட்டினேன். அப்படியொரு வகுப்பே இல்லை. அந்த அட்டவணை வால்பெர்க் என்ற மற்றோர் ஆய்வாளரின் தொகுப்பிலிருந்து எடுத்துப் புளூம் தகவமைத்துக் கொண்டது. அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே அது குறிப்பிடப்பட்டிருக்கிறது. இன்னும் சங்கடமான செய்தி, தனிப்பயிற்சி பெற்றவர்கள் வழக்கமான வகுப்பினரைவிட இரண்டு சிக்மா, அதாவது இரண்டு திட்டவிலக்கம், மேலே இருந்தார்கள் என்ற, கட்டுரையின் பெயருக்கே காரணமான ஒப்பீடும் புளூம் நேரடியாக நடத்தியதன்று என்பது. அது அவருடைய மாணவர்களான அனானியா, பர்க் ஆகிய இருவரின் முனைவர் பட்ட ஆய்வுகளிலிருந்து வந்தது. நான் எழுதிய மூன்று பத்திகளும் ஆதாரமற்றுப் போயின.

இதற்கு நான் இப்போது கையாளும் முறை எளியது. கோடிடும் ஒவ்வொரு இடத்திலும் ஓரத்தில் ஓர் எழுத்தைப் போடுகிறேன்: பிறர் சொன்னதற்குப் ‘பி’, இக்கட்டுரையின் தரவுக்குத் ‘த’, ஆசிரியரின் வாதத்திற்கு ‘வா’, என் எண்ணத்திற்கு ‘நா’. புளூமின் கட்டுரையில் அந்த வீட்டுப்பாட எண்கள் ‘பி’. தனிப்பயிற்சி பெற்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பு மாணவர்களில் 98 விழுக்காட்டினரைவிட மேலே இருந்தார் என்பதும் ‘பி’ தான். ஆனால் வாதம் முழுவதும் அதன்மேல் நிற்பதால் அருகே அனானியா, பர்க் என்று பெயரையும் எழுதிக்கொள்வேன். அதே அடைவைக் குழுவாகக் கற்பிக்கும் முறைகளிலும் எட்ட வழி தேட வேண்டும் என்பது ‘வா’. இவ்வாறு குறித்துக்கொண்டு போனால், இக்கட்டுரையில் ‘த’ ஏறத்தாழ இல்லை என்பதும், அது பிறர் ஆய்வுகளின்மேல் எழுப்பப்பட்ட வாதக் கட்டுரை என்பதும் ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அந்த எழுத்துகள் மூன்று மாணவர்களின் தாள்களிலும் இருந்திருந்தால், “புளூமின் சோதனை” என்ற தொடரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

கலந்துரையாடல் பகுதியில் இம்முறை தடுமாறும். அங்கே ஆசிரியர்கள் தரவையும் வாதத்தையும் ஒரே வாக்கியத்தில் பின்னுவார்கள். அந்த வாக்கியத்திற்கு உரிய எண்ணோ நேர்காணல் பகுதியோ முடிவுகள் பகுதியில் இருக்கிறதா என்று திரும்பிப் பாருங்கள். இல்லையென்றால் அது ‘வா’.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு இதில் ஒரு தனி ஆபத்தும், ஒரு தனி வசதியும் உண்டு. ஆங்கிலக் கட்டுரையைப் படித்துக்கொண்டே சுருக்கமாக எழுதும் அவசரத்தில் நாம் முதலில் வெட்டுவது வாக்கியத்தின் வாலைத்தான். ‘உயர்த்துகிறது என வால்பெர்க் தொகுத்ததைப் புளூம் காட்டுகிறார்’ என்பது ‘உயர்த்துகிறது’ என்று நின்றுவிடும். வெட்டப்பட்ட அந்த வாலில்தான் சொன்னவர் இருந்தார். மாறாக, ‘என’, ‘என்கிறார்’ ஆகியவற்றை விடாமல் எழுதும் பழக்கம் இருந்தால், ஓர எழுத்து மறந்துபோன இடத்திலும் குறிப்பே உண்மையைச் சொல்லும்.

மூல வரியை மேற்கோள் குறியின்றி எழுதி வைத்தல்

எழுதும் அந்த நொடியிலேயே மேற்கோள் குறியும் பக்க எண்ணும் போடுங்கள்.

அட்டவணையின் அடிக்குறிப்பைப் படிக்காமல் விடுதல்

என் கதையை மேலே படித்தீர்கள்.

ஆய்வுச் சுருக்கத்தையே மீண்டும் சுருக்குதல்

அது ஆசிரியர் தம் கட்டுரைக்கு எழுதிய விளம்பரம் போன்றது; உங்கள் கேள்விக்கான விடை அதில் பெரும்பாலும் இருக்காது. ஓர எழுத்துகளை மட்டும் பார்த்தபடி, கட்டுரையின் மற்ற வரிகளை மறைத்து வைத்து, நான்கு வாக்கியங்கள் எழுதுங்கள்: வினா, சான்று, முடிவு, உங்கள் ஐயம். “வகுப்பில் இருக்கும் மாணவர் எண்ணிக்கை அடைவைத் தீர்மானிக்கிறதா?” என்ற ஒப்படைப்புக் கேள்விக்குப் புளூமின் கட்டுரையிலிருந்து நான் பின்னர் எழுதியது இது:

“தனிப்பயிற்சியில் கிடைக்கும் அடைவை வகுப்பறையிலும் பெற முடியுமா என்று புளூம் (1984) வினவுகிறார். அனானியா, பர்க் ஆகியோரின் ஆய்வுகளைச் சான்றாகக் கொண்டு, அவர் வழக்கமான வகுப்பு, இடையிடையே வளரறித் தேர்வு வைத்துக் குறைகளைத் திருத்தும் தேர்ச்சிக் கற்றல் வகுப்பு, தனிப்பயிற்சி ஆகிய மூன்றையும் ஒப்பிடுகிறார். ஏறத்தாழ 30 மாணவர்கள் கொண்ட தேர்ச்சிக் கற்றல் வகுப்பின் சராசரி மாணவர் வழக்கமான வகுப்பினருள் 84 விழுக்காட்டினரையும், தனிப்பயிற்சியின் சராசரி மாணவர் 98 விழுக்காட்டினரையும் விஞ்சினர் என்கிறார். ஆயினும் தனிப்பயிற்சிக் குழுவுக்கும் வளரறித் தேர்வுகளும் திருத்தப் பணிகளும் இருந்தமையால், அக்குழுவின் உயர்வு முழுவதையும் மாணவர் எண்ணிக்கைக்கு மட்டும் உரியதாக்க இயலாது என்று கருதுகிறேன்.”

கடைசி வாக்கியம் மட்டுமே என்னுடையது. மூன்று குழுக்களும் எவ்வாறு நடத்தப்பட்டன என்று விவரிக்கும் பத்தியின் ஓரத்தில், இரண்டாம் வாசிப்பில் போட்ட ஒரு ‘நா’விலிருந்து அது வந்தது.