நெஞ்சு எரியாமலே குரலைக் கெடுக்கும் அமிலம்: மருந்துச் சீட்டில் தொடங்கும் தவறுகள்

சென்ற மாதம் எங்கள் புறநோயாளர் பிரிவில், பயிற்சிக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் எழுதிய சீட்டைப் பார்க்க நேர்ந்தது. இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருந்த ஒருவருக்கு, ‘அமில எதுக்களிப்பு, பான்டோபிரசோல், ஒரு மாதம்’ என்று எழுதியிருந்தார்; அதாவது இரைப்பை அமிலம் மேலேறுவதே காரணம் என்று முடிவுகட்டி, அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுத்திருந்தார். குரல்வளையைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். “அறிகுறிகளே தெளிவாக இருந்தன, சார்” என்றார். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் நானும் இதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன் என்பதால் அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை; அந்தப் பழக்கத்தின்மீது மட்டும் இன்றுவரை கோபம் தணியவில்லை.

நெஞ்சு எரியாதவருக்கு அமிலத்தால் குரல் கெடுமா என்று பலரும் ஐயப்படுகிறார்கள். கெடலாம். உணவுக்குழாய் ஏறிவரும் அமிலத்தைத் தன் அசைவாலும், விழுங்கப்படும் உமிழ்நீராலும் விரைவில் கீழே தள்ளிவிடும். அதன் உட்சுவரும் ஓரளவு தாங்கும். குரல்வளையின் மென்தோலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நெஞ்சில் எரிச்சலாக உணரப்படாத அளவுக்குச் சிறிதாக மேலே வருவதும், அதோடு வரும் பெப்சின் என்னும் செரிமான நொதியும் அங்கே வீக்கத்தை உண்டாக்கப் போதுமானவை. காலையில் கரகரத்த குரல், தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு, நிமிடத்துக்கு ஒருமுறை செருமல் என்று இது வெளிப்படுகிறது. ஆனால் இதே மூன்று அறிகுறிகளும் வேறு பல நோய்களிலும் வரும். என் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

குரல்வளையைப் பார்க்காமல் மாத்திரை கொடுப்பது

பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த அந்த நோயாளிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது; மளிகைக்கடை வைத்திருந்தார். பீடியை விட்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆறு வாரமாகக் குரல் கம்மல், ஓயாத செருமல், நெஞ்செரிச்சல் இல்லை. கடையை மூடிவிட்டு இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு, பதினொன்றுக்குப் படுப்பவர் என்றதும் என் மனம் முடிவு செய்துவிட்டது. சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்துப் பார்த்தேன். அவர் குமட்டியதால் குரல்வளையின் பின்பகுதி மட்டுமே இரண்டு நொடி தெரிந்தது. சிவந்திருந்தது. நான் தேடியது அதைத்தான் என்பதால் அதோடு நிறுத்திக்கொண்டு அமில மாத்திரை எழுதினேன்.

அந்தச் சிவப்பு எதையும் உறுதிப்படுத்துவதில்லை என்று பின்னாளில்தான் எனக்கு உறைத்தது. எந்தத் தொல்லையும் இல்லாதவர்களின் குரல்வளையிலும் பின்பகுதி சிவந்து காணப்படுவதுண்டு. செருமுவதே அதைச் சிவக்க வைத்துவிடும். மேலும், கண்ணாடியில் எளிதில் தெரிவது பின்பகுதி. குரல் நாண்களின் முன்பகுதியைக் குரல்வளை மூடி பெரும்பாலும் மறைத்துக்கொள்ளும்.

ஒரு மாதம் கழித்து வந்தவர் கொஞ்சம் தேவலாம் என்றார். அதை நோயறிதலுக்கான சான்றாகவே எடுத்துக்கொண்டு மாத்திரையை நீட்டித்தேன். ஐந்தாம் மாதம் மூக்கு வழியாக வளையும் உள்நோக்கியைச் செலுத்திப் பார்த்தபோது, இடது குரல் நாணின் முன்பகுதியில் வெண்மையும் சிவப்புமாக ஒரு கட்டி இருந்தது. அந்த நாண் அசையவும் இல்லை. குரல் நாணில் வரும் புற்று, சிறிதாக இருக்கும்போதே குரலைக் கெடுத்துத் தன்னைக் காட்டிக்கொடுக்கும் தன்மையுடையது. அந்தக் கட்டத்தில் லேசர் அறுவையோ கதிர்வீச்சோ மட்டும் போதுமானதாக இருக்கும். நாண் அசைவை இழந்தபின் கதிர்வீச்சோடு கீமோவும் சேர, அவருக்கு ஏழு வாரச் சிகிச்சை தேவைப்பட்டது. பிழைத்துக்கொண்டார், பழைய குரல் திரும்பவில்லை.

கொஞ்சம் தேவலாம் என்ற சொல் எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு 2021இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று நல்ல சாட்சி. தொடர்ந்து தொண்டைத் தொல்லை இருந்த 346 பேரில் ஒரு பாதிக்கு லான்சோபிரசோல் என்னும் அமில மாத்திரையும், மறுபாதிக்கு மருந்தில்லாத போலி மாத்திரையும் 16 வாரம் கொடுத்தார்கள். இரு தரப்பினருக்கும் தொல்லை குறைந்தது. இரண்டுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே மாத்திரை போட்டபின் தேவலையானதனால் அமிலம்தான் காரணம் என்று சொல்ல இயலாது.

இன்று நான் கடைப்பிடிக்கும் வரம்பு எளிது: நான்கு வாரத்தில் தெளியாத குரல் கம்மலுக்கு உள்நோக்கியில் குரல் நாண்கள் முழுவதையும் பார்க்காமல் அமில மாத்திரை எழுதுவதில்லை. புகைப் பழக்கம், கழுத்தில் கட்டி, விழுங்கச் சிரமம், மூச்சுத் திணறல், இருமலில் இரத்தம், காரணம் தெரியாத காதுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நான்கு வாரம்கூடக் காத்திருப்பதில்லை. அந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.

மாத்திரையை இரவு உணவுக்குப் பின் விழுங்குவது

பார்த்தாயிற்று, கட்டி ஏதுமில்லை, அமிலமே காரணம் என்று கருத இடமிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வகை மாத்திரைகள் இரைப்பையின் அமிலச் சுரப்பிகள் உணவால் தூண்டப்படும் வேளையில்தான் சரியாக வேலை செய்யும். ஆகவே உணவுக்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பு போட வேண்டும். அமிலத்தைக் குறைத்தாலும் மேலேறுவதை அவை நிறுத்துவதில்லை. பெப்சினும் வந்துகொண்டுதான் இருக்கும். எனவே உணவுக்குப் பிறகும் படுக்கும் முன்பும், இரைப்பை நீர்மத்தின் மேல் மிதந்து தடுப்பாக நிற்கும் ஆல்ஜினேட் மருந்தைச் சேர்க்கிறேன்.

அண்மையில் வந்த ஒரு பள்ளி ஆசிரியைக்கு இந்த மருந்துகளைவிட, இரவு உணவைப் பத்து மணியிலிருந்து ஏழுக்கு மாற்றி, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறங்குல உயரக் கட்டைகள் வைத்ததே பெரிதும் உதவியதாகத் தோன்றுகிறது. தலையணைகளை அடுக்குவது வேறு; அது வயிற்றை மடக்கி அழுத்தத்தைக் கூட்டும். மூன்று மாதத்தில் அவருடைய காலைக் கரகரப்பு நின்றது. அப்படியும் தெளியாதிருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்க மாட்டேன்; மூக்கு வழியாக மெல்லிய குழாயை வைத்து ஒரு நாள் முழுதும் எதுக்களிப்பை அளக்கும் சோதனைக்கு அனுப்பியிருப்பேன்.

சளி என்று எண்ணிச் செருமிக்கொண்டே இருப்பது

ஒவ்வொரு செருமலிலும் இரு குரல் நாண்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதிய இடம் வீங்குகிறது. அந்த வீக்கமே ஏதோ ஒட்டியிருப்பதாகத் தோன்ற, மீண்டும் செருமத் தூண்டுகிறது. அமிலம் அடங்கிய பிறகும் அந்த ஆசிரியைக்கு இந்தச் சுழல் மட்டும் நிற்கவில்லை. செரும வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் ஒரு மிடறு தண்ணீர் குடிக்கவோ, வாயை மூடி உமிழ்நீரை அழுத்தி விழுங்கவோ குரல் பயிற்சியாளர் பழக்கினார். வகுப்பில் தன்னை அறியாமல் செருமுவதை ஒரு மாணவியை எண்ணச் சொல்லியிருக்கிறார். முதல் நாள் ஒரு பாடவேளைக்கு முப்பத்தொன்று, ஐந்தாம் வாரம் நான்கு.

புதினா மிட்டாய்

வேண்டாம், புதினா உணவுக்குழாயின் கீழ் வாயிலைத் தளர்த்தும்.

குரலுக்கு ஓய்வு என்று குசுகுசுத்துப் பேசுவது

இதனாலும் குரல்வளை இறுகும். தாழ்ந்த இயல்பான குரலே போதும்.

மாத்திரையைத் திடீரென நிறுத்துவது

மாதக்கணக்கில் உட்கொண்டவர் ஒரே நாளில் நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்டிருந்த அமிலச் சுரப்பு சில வாரங்களுக்கு முன்னைவிட மிகுந்து பாயக்கூடும். நோய் திரும்பிவிட்டது என்று அஞ்சி அவரே மறுபடி தொடங்குவார். இப்படியே பல ஆண்டுகள் உட்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியைக்கு இருவேளையை ஒருவேளையாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாளாக்கி, ஆறு வாரத்தில் நிறுத்தினேன். அதுவரையிலும் அதற்குப் பின் ஒரு மாதமும் ஆல்ஜினேட் தொடர்ந்தது.