பள்ளிக்கு முறைவைத்துக் கொண்டுபோய் விடுவது: அண்டை வீட்டாரோடு அட்டவணை போடும் விதம்

ஒரே தெருவிலிருந்து ஒரே பள்ளிக்கு, ஒரே நேரத்தில் மூன்று கார்கள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றின் பின்னிருக்கையிலும் ஒரே ஒரு பிள்ளை. மூன்று வீட்டாரும் முறைவைத்துக்கொண்டால் ஒரு கார் போதும். எங்கள் வீடு, எதிர்வீடு, கோடிவீடு என்று மூன்று வீடுகளை வைத்துச் செய்முறையைச் சொல்கிறேன்.

முதலில் எண்ண வேண்டியது இருக்கைகளை அல்ல, பின்னிருக்கையில் சரியாக வேலை செய்யும் பெல்ட்டுகளை. சாதாரண காரில் அவை மூன்று இருக்கும். ஆகவே மூன்று பிள்ளைகள்தான். நான்காவது வீட்டார் கேட்டால் மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாவது கார் கிடைக்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளைக்குத் தனி இருக்கை தேவைப்பட்டால், முதல் நாள் இரவே அதைக் கொண்டுபோகிறவர் வீட்டில் கொடுத்துவிட வேண்டும். காலையில் அதை மாட்டிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

அடுத்து, இதற்கென்று மட்டும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு. வாழ்த்து, செய்தி, வீடியோ எதுவும் அதில் வரக்கூடாது. அதில் ஒலி எழுந்தாலே பள்ளி விஷயம் என்று எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

இனி அட்டவணை. 'இன்று நான், நாளை நீங்கள்' என்று வரிசையாகச் சுற்றிவிட்டால், நடுவில் ஒரு விடுமுறை வந்ததும் மறுநாள் யார் முறை என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். கிழமையோடு கட்டிவிடுங்கள்: திங்கள் நாங்கள், செவ்வாய் எதிர்வீடு, புதன் கோடிவீடு. மீதி இரண்டு நாட்கள் மட்டும் சுழலும்.

முதல் வாரம்: வியாழன் நாங்கள், வெள்ளி எதிர்வீடு
இரண்டாம் வாரம்: வியாழன் கோடிவீடு, வெள்ளி நாங்கள்
மூன்றாம் வாரம்: வியாழன் எதிர்வீடு, வெள்ளி கோடிவீடு

மூன்று வாரத்தில் 15 பள்ளி நாட்கள். வீட்டுக்கு ஐந்து முறை. விடுமுறை யார் கிழமையில் விழுந்தாலும் அது அவருக்குக் கிடைத்த ஓய்வு, ஈடுகட்ட வேண்டாம். இதை முதலிலேயே பேசிவிடுங்கள். அட்டவணையைத் தேதிகளோடு எழுதிக் குழுவின் மேலே 30 நாட்களுக்குப் பொருத்திவையுங்கள். சுற்று முடிய 21 நாட்களே ஆவதால் இடையில் அது மறையாது.

இத்தனையும் எளிது. சிக்கல் வருவது மாற்றிக்கொள்ளும்போதுதான். ஒரு நாள் காலை எனக்குக் காய்ச்சல். 'இன்று என்னால் முடியவில்லை, யாராவது போகிறீர்களா?' என்று குழுவில் போட்டேன். இரண்டு கட்டைவிரல்கள் வந்தன. நிம்மதியாகப் படுத்துவிட்டேன். இரண்டுக்கும் பொருள் 'பார்த்துவிட்டேன்' என்பது மட்டும்தான். மற்றவர் போகிறார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டார்கள். பள்ளி மணி அடிக்கும் நேரத்தில் மூன்று பிள்ளைகளும் பையைத் தோளில் மாட்டியபடி எங்கள் வாசலில் நின்றார்கள்.

அன்றிலிருந்து நாங்கள் 'யாராவது' என்று எழுதுவதில்லை. ஒருவரை விளித்துக் கேட்க வேண்டும்: 'கோடிவீட்டு அக்கா, செவ்வாய் நீங்கள் போக முடியுமா? வியாழன் நான் போகிறேன்.' அவர் 'சரி, செவ்வாய் நான்' என்று கிழமையோடு எழுத வேண்டும். கட்டைவிரல் செல்லாது. அந்தப் பதில் வரும்வரை முறை கேட்டவருடையதே. பதில் வந்ததும் பொருத்திவைத்த அட்டவணையை எடுத்துவிட்டு, திருத்தியதைப் போட வேண்டும். காலை ஏழு மணிக்கு மேல் அவசரம் என்றால் குழுவில் எழுதவே கூடாது, தொலைபேசியில் கூப்பிட வேண்டும். அடுப்படியில் நிற்பவர் அந்த நேரத்தில் செய்தி பார்க்கமாட்டார். யாரைக் கூப்பிடுவது என்பதில் தடுமாற்றம் வேண்டாம்: மற்ற இரு வீட்டாரில் அடுத்து முறை வருகிறவரை. அவரும் எடுக்கவில்லையென்றால் மூன்றாவது வீட்டாரை.

நாள்தோறும் மூன்று செய்திகள் போதும். இரவு எட்டரைக்குள் 'நாளை நான், 7.40'. பிள்ளை வராத வீட்டார் இதற்குக் கீழே சொல்லிவிட வேண்டும். வண்டி கிளம்பும் முன் 'மூவரும் ஏறிவிட்டார்கள்'. பிறகு 'மூவரும் உள்ளே போய்விட்டார்கள்'. இந்தக் கடைசிச் செய்தி, பிள்ளைகள் பள்ளி வாசலைத் தாண்டியதைக் கண்ணால் பார்த்த பிறகு, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எழுத வேண்டியது. எண்ணிக்கையை விட்டுவிடாதீர்கள்; 'விட்டாயிற்று' என்று மட்டும் எழுதினால், அன்று ஏறாத பிள்ளையின் தாயும் அதைப் படித்து நிம்மதியாக இருந்துவிடுவார். வழக்கமான நேரத்தைத் தாண்டிப் பத்து நிமிடமாகியும் அது வரவில்லையென்றால் மற்ற இருவரில் ஒருவர் கூப்பிட்டுக் கேட்கலாம். கேட்டால் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் முதல் நாளே பேசிக்கொண்டோம்.

காத்திருப்பது மூன்று நிமிடம். அதற்குள் பிள்ளை வராவிட்டால் வண்டி கிளம்பிவிடும், அந்த வீட்டார் தாங்களே கொண்டுபோய் விட வேண்டும். முதல் வாரத்தில் இது ஒருமுறை எங்கள் பிள்ளைக்கே நடந்தது, மறுநாளிலிருந்து 7.35-க்கே ஷூவோடு வாசலில் நிற்கிறான்.