டொமைனை மாற்றிய பிறகும் பழைய தளம் தெரிவது ஏன்?

ஹப்புத்தளையில் ஒரு தங்குவிடுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரிமையாளர் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு டொமைனின் முகவரியைச் சொல்லும் நேம்சேர்வர்களைப் புதிய ஹோஸ்டிங்கிற்கு மாற்றுகிறார். அவருடைய கைப்பேசியில் புதிய தளம் தெரிகிறது. கொழும்பிலுள்ள தம்பிக்குப் பழையதே தெரிகிறது. சனிக்கிழமை வந்த முன்பதிவுகளில் சில பழைய சேர்வரின் தரவுத்தளத்தில் விழுந்துவிடுகின்றன.

நீங்கள் செய்த மாற்றத்தை யாரும் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. டொமைன் பெயருக்குரிய முகவரியைத் தேடித் தரும் இணையச் சேவை வழங்குநரின் டிஎன்எஸ் சேர்வர், ஒருமுறை கேட்டுப் பெற்ற பதிலை TTL என்ற நொடிக்கணக்கு தீரும்வரை வைத்திருக்கும். அது தீர்ந்த பிறகே மறுபடி கேட்கும். TTL 14400 என்றால் நான்கு மணி நேரம். மாற்றத்துக்குப் பத்து நிமிடம் முன்பு பதிலைப் பெற்ற சேர்வர், இரவு 9.50 வரை பழைய முகவரியையே சொல்லும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, மாற்றும் அன்றே TTL-ஐ 300 ஆகக் குறைப்பது. ஏற்கெனவே சேமிக்கப்பட்ட பதிலில் இருப்பது பழைய கணக்குதான். குறைத்துவிட்டு, பழைய TTL முழுவதும் கழிந்த பிறகே முகவரியை மாற்ற வேண்டும்.

நேம்சேர்வரையே மாற்றும்போது இன்னொரு சிக்கல் உண்டு. .com டொமைன்களுக்கு, எந்த நேம்சேர்வரைக் கேட்க வேண்டும் என்ற தகவலின் TTL 172800 நொடி, அதாவது இரண்டு நாள். அதை நீங்கள் குறைக்க முடியாது. அந்த இரண்டு நாளில் சில சேர்வர்கள் பழைய நேம்சேர்வரிடமே போய்க் கேட்கும். அதுவும் பழைய முகவரியையே புதிதாக எடுத்துக் கொடுக்கும். ஆகவே பழைய நேம்சேர்வரில் தளத்தின் முகவரியைக் குறிக்கும் A பதிவையும் புதிய முகவரிக்கு மாற்றிவிடுங்கள். பெரும்பாலானோர் மறப்பது இதைத்தான். தம்பிக்குப் பழைய தளம் தெரிந்ததற்குக் காரணமும் அநேகமாக இதுவே.

காத்திருப்பதா, திருத்துவதா என்று அறிய, கட்டளைத் திரையில் கேட்டுப் பாருங்கள்:

```
dig +noall +answer @8.8.8.8 example.com A
example.com.  9240  IN  A  192.0.2.10
```

பழைய முகவரியும், சில நிமிடம் கழித்து மறுபடி கேட்கும்போது 9240-இலிருந்து குறைந்திருக்கும் நொடிக்கணக்கும் தெரிந்தால், அது சேமித்த பதில். இன்னும் சுமார் இரண்டரை மணி நேரம் காத்திருங்கள். காலம் தீர்ந்த பிறகும் குறையாத முழு TTL கணக்குடன் பழைய முகவரியே திரும்பி வந்தால், எங்கோ ஒரு நேம்சேர்வரில் பதிவு திருத்தப்படாமல் இருக்கிறது. `ipconfig /flushdns` என்ற விண்டோஸ் கட்டளை உங்கள் கணினி சேமித்த பதில்களை மட்டுமே அழிக்கும். விருந்தினரின் கைப்பேசியை அது தொடாது.

பழைய ஹோஸ்டிங்கை அன்றே ரத்துச் செய்வதுதான் விலை கூடிய தவறு. மாதக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கப் போய் முன்பதிவை இழப்பார்கள். குறைந்தது மூன்று நாளாவது அதை ஓடவிட்டு, அதிலுள்ள முன்பதிவுப் படிவத்தை மட்டும் மூடி, "தொலைபேசியில் அழையுங்கள்" என்று எழுதி வையுங்கள். மூடுவதற்கு முன் அதன் அணுகல் பதிவேட்டைப் பாருங்கள்; மனிதர்கள் எவரும் வரவில்லை என்றால் ரத்துச் செய்யலாம்.