ஒரே ‘எம்’, வேறு வேறு அளவு: சேர்ட் வாங்குமுன் அளந்து பார்ப்பது எப்படி?

கொழும்பில் ஏற்றுமதி உபரி உடைகள் விற்கும் கடையொன்றுக்குள் நுழைந்தால், அமெரிக்காவுக்குத் தைத்த சேர்ட்டும் ஐரோப்பாவுக்குத் தைத்த சேர்ட்டும் உள்ளூர்ச் சேர்ட்டும் ஒரே தாங்கியில் தொங்கும். மூன்றிலும் ‘எம்’ என்றே இருக்கும். அணிந்து பார்த்தால் ஒன்று தொளதொளக்கும், ஒன்று நெஞ்சில் இறுகும்.

தையலில் தவறு நேர்ந்து இப்படி ஆவதில்லை. ‘எம்’ என்றால் இத்தனை சென்ரிமீற்றர் என்று எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் விதி எதுவும் இல்லை. அமெரிக்காவில் பெண்களின் உடைகளுக்காக 1958இல் வெளியிடப்பட்ட அளவு நியமம்கூட விருப்பத்தின்பேரில் பின்பற்றப்பட்டதுதான். 1983இல் அதுவும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வாடிக்கையாளர் எத்தகைய உடலமைப்புக் கொண்டவர் என்று தானே தீர்மானித்து, அதற்கேற்ற ஒருவரின் உடலில் அடிப்படை அளவைச் சரிபார்த்து, அதிலிருந்து மற்ற அளவுகளைக் கூட்டியும் குறைத்தும் வெட்டுகிறது. அத்துடன், உடலுக்கும் துணிக்கும் இடையே விடும் தளர்வும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது. ஒரே நெஞ்சளவை மனதில் வைத்து வெட்டிய இரண்டு சேர்ட்டுகள் வேறுபடுவதற்குப் பெரும்பாலும் இந்தத் தளர்வே காரணம் என்பதால், கீழேயுள்ள படிகள் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

படி 1: உங்களுக்குப் பொருந்தும் சேர்ட்டை அளவுகோலாக்குங்கள். வீட்டில் உள்ளவற்றில் மிக நன்றாகப் பொருந்துவதை எடுத்துப் பொத்தான்களைப் பூட்டி, மேசையில் சுருக்கமின்றி விரியுங்கள். கைக்குழிக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கத் தையலிலிருந்து மறுபக்கத் தையல்வரை, துணியை இழுக்காமல் அளவுநாடாவை வையுங்கள். 53 சென்ரிமீற்றர் வந்தால், அதன் இருமடங்கான 106தான் சேர்ட்டின் நெஞ்சுச் சுற்றளவு. பின்புறத்தில் ஒரு தோள் தையலிலிருந்து மற்றதுவரை உள்ள அகலத்தையும், கழுத்துப்பட்டியின் அடியிலிருந்து கீழ்விளிம்புவரை உள்ள நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: தளர்வைக் கணக்கிடுங்கள். நெஞ்சின் மிக அகன்ற பகுதியைச் சுற்றி, மூச்சை இழுத்துப் பிடிக்காமல் உடலை அளக்க வேண்டும். அது 96 சென்ரிமீற்றர் என்றால், 106இலிருந்து 96ஐக் கழிக்க வரும் 10 சென்ரிமீற்றரே உங்களுக்கு வசதியான தளர்வு. இழுபடும் துணிக்கு இதைவிடக் குறைந்த தளர்வே போதும் என்பதால், பனியன் துணியில் தைத்த ரீ-சேர்ட்டுக்கு இந்தக் கணக்கைத் தனியாகச் செய்யுங்கள்.

படி 3: கடையில் அதே இடத்தை அளந்து பாருங்கள். அமெரிக்க ‘எம்’ குறுக்கே 56 சென்ரிமீற்றர் இருப்பதாகக் கொள்வோம். சுற்றளவு 112, தளர்வு 16. அது உங்களுக்குத் தொளதொளப்பாகத்தான் இருக்கும். ஒடுக்கமாக வெட்டிய ஐரோப்பிய ‘எம்’ குறுக்கே 50.5 இருந்தால் தளர்வு வெறும் 5. உட்காரும்போது பொத்தான்களுக்கிடையே துணி பிளந்து நிற்கும். எனவே முதலாவதில் ‘எஸ்’ஸையும் இரண்டாவதில் ‘எல்’லையும் எடுத்து அளந்து, 53க்கு அருகில் வருவதைத் தெரிவு செய்யுங்கள். ஒரே ஆள் ஒரே நாளில் ‘எஸ்’ஸும் ‘எல்’லும் வாங்குவதில் முரண் எதுவும் இல்லை. ஒரே தொகுதியில் தைத்தவற்றிலும் சிறு வேறுபாட்டைத் தொழிற்சாலைகள் அனுமதிப்பதால், நீங்கள் வாங்கப்போகும் அதே சேர்ட்டையே அளக்க வேண்டும்.

படி 4: இணையத்தில் வாங்கும்போது அட்டவணை எதைச் சொல்கிறது என்று பாருங்கள். புதிதாக வாங்குவோர் அதிகம் இடறுவது இங்கேதான். நெஞ்சு 96–101 என்று வீச்சாகத் தந்திருந்தால் அது பெரும்பாலும் உடலின் அளவு. உங்கள் 96ஐ அதில் நேரடியாகத் தேடலாம். நெஞ்சு 106, தோள் 45, நீளம் 74 என்று ஒற்றை எண்களாக இருந்தால் அது பெரும்பாலும் உடையின் அளவு. உடையின் அட்டவணையில் 96ஐத் தேடினால், தளர்வே இல்லாத சேர்ட்தான் வீடு வந்துசேரும். 53 போன்ற சிறிய எண் நெஞ்சுக்குத் தரப்பட்டிருந்தால் அது சுற்றளவின் பாதி. சீன உடைகளில் காணும் 175/96A என்ற குறியீடோ உடலைக் குறிப்பது: உயரம் 175, நெஞ்சு 96, இறுதி எழுத்து நெஞ்சுக்கும் இடுப்புக்கும் உள்ள வித்தியாசம்.

படி 5: அணிந்து பார்க்க முடிந்தால் தோளில் தொடங்குங்கள். தோள் தையல் தோள் எலும்பின் முனையில் அமர வேண்டும். பக்கங்களில் உள்ள தளர்வையும் கையின் நீளத்தையும் தையற்காரர் எளிதில் குறைத்துத் தருவார். தோளைச் சரிசெய்ய வேண்டுமானால் கையைப் பிரித்து மீண்டும் பொருத்த வேண்டும் என்பதால், விலை குறைந்த சேர்ட்டுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. பின்னர் இரு கைகளையும் முன்னே நீட்டுங்கள்; முதுகில் துணி இறுகினால் நெஞ்சளவு சரியாக இருந்தாலும் அது உங்களுக்குரியதல்ல.

துவைத்துச் சுருக்காத பருத்திச் சேர்ட் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. 72 சென்ரிமீற்றர் நீளம் 3 சதவீதம் சுருங்கினால் ஏறக்குறைய 70 ஆகிவிடும். காற்சட்டைக்குள் செருகி அணிபவர்கள் அந்த 2 சென்ரிமீற்றரை முன்கூட்டியே சேர்த்து அளந்து வாங்க வேண்டும்.