லிஃப்ட் மூடிய பிறகு உயரும் கை: டாட்டா காட்டப் பழக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு ஜெலுத்தோங்கில், அடுக்குமாடி வீடொன்றில் வசிக்கும் என் அக்காள், தம் மகளின் 11 மாதக் குழந்தைக்கு "இன்னும் டாட்டா காட்டத் தெரியவில்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். மகள் காலையில் பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் புறப்படும்போது, அக்காள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லிஃப்ட் வரை சென்று, "அம்மாவுக்கு டாட்டா காட்டு, காட்டு கண்ணு, டாட்டா, டாட்டா" என்று கதவு மூடும் வரை சொல்லிக்கொண்டே இருப்பார். குழந்தை கண்கொட்டாமல் பார்க்கும், கை அசையாது.

ஒருநாள் நானும் உடன் நின்றேன். கதவு மூடியது, அக்காள் வீட்டை நோக்கித் திரும்பினார். அப்போதுதான், அவருடைய தோளுக்குப் பின்னால், அந்தச் சிறு கை மெல்ல உயர்ந்து, மூடிய கதவைப் பார்த்து விரல்களை மடக்கி விரித்தது. குழந்தைக்குத் தெரியாமல் இல்லை; அது பதில் சொல்லும் நேரத்தில் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

பெரும்பாலான குழந்தைகள் 9 முதல் 12 மாதங்களுக்குள் கையசைக்கத் தொடங்குகின்றன. நமக்கு எளிதாகத் தோன்றும் இச்செயலில், ஒருவர் போகிறார் என்பதைக் கவனிப்பது, அவருடைய கையசைவைத் தன் கைக்கு மாற்றிக்கொள்வது, அதை அவரை நோக்கிச் செய்வது என்று மூன்று வேலைகள் அடங்கியுள்ளன. அவற்றை ஒன்றுசேர்க்கக் குழந்தைக்குச் சில நொடிகள் தேவைப்படும். அந்த இடைவெளியில் நாம் "டாட்டா காட்டு" என்று மீண்டும் மீண்டும் சொன்னால், எழத் தொடங்கிய கையைவிட்டு அதன் கவனம் நம் வாய்க்குத் தாவிவிடும். ஆகவே, திரும்பத் திரும்பச் சொல்வதே முதல் தவறு. ஒருமுறை சொல்லி, ஒருமுறை கையசைத்து, மனத்திற்குள் 10 வரை எண்ணிக்கொண்டு பேசாமல் காத்திருப்பது போதும்.

அடுத்த தவறு, குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்து நாமே ஆட்டிவிடுவது. எப்போதாவது ஒருமுறை செய்வதில் தீங்கில்லை. ஆனால் அதுவே வழக்கமானால், "டாட்டா" என்ற சொல்லைக் கேட்டதும் கையைத் தளர்த்தி நம்மிடம் கொடுத்துவிட வேண்டும் என்பதைத்தான் குழந்தை கற்றுக்கொள்ளும். தொடக்கத்தில் சில குழந்தைகள் உள்ளங்கையைத் தம் முகத்தின் பக்கம் திருப்பி அசைப்பதையும் உடனே திருத்த வேண்டியதில்லை. எதிரில் நிற்பவருடைய உள்ளங்கை தன் கண்ணுக்குத் தெரிவதைக் குழந்தை அப்படியே செய்துகாட்டுகிறது. வீட்டுக்குள் வருபவரைப் பார்த்தும் அது டாட்டா காட்டலாம். அதுவும் சில காலம்தான்.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம் வேறொன்று. குழந்தை அழுமே என்று அஞ்சி, அது விளையாடும்போது பின்பக்கமாக நழுவிவிடும் பெற்றோர் பலர் உண்டு. பிள்ளை பார்த்துக்கொள்பவரின் வீட்டு வாசலில் இது அன்றாடக் காட்சி. ஒருவர் போவதும் வருவதும் எந்த அறிகுறியும் இன்றி நடந்தால், கையசைவுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். தாய் எழுந்து நின்றாலே குழந்தை பதறத் தொடங்கும். சொல்லிவிட்டுப் போனாலும் அழக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் நம்மவர் "போகிறேன்" என்று சொல்லாமல் "போய்ட்டு வரேன்" என்று சொல்வதில் உள்ள இரண்டாம் பாதியை, ஒவ்வொரு மாலையும் தாய் திரும்பி வருவதைப் பார்த்துத்தான் குழந்தை அறிந்துகொள்கிறது.

அக்காள் வீட்டில் நாங்கள் மாற்றியது சிறிது. விடைபெறும் இடம் லிஃப்டிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்தது, ஏனென்றால் லிஃப்ட் கதவு குழந்தைக்காகக் காத்திருக்காது. தாய் காலணியை அணிந்து, பையை மாட்டி, குழந்தையின் கண்மட்டத்திற்குக் குனிந்து, ஒருமுறை கையசைத்துவிட்டுக் காத்திருந்தார். முதல் சில நாள்கள் கை தாமதமாகவே எழுந்தது. பிறகு அவர் கையசைத்தவுடன் எழுந்தது. அதன்பின் சொல்லைக் கேட்ட அளவில் எழுந்தது. மூன்றாவது வாரத்தில், ஒருவரும் சொல்லாமலே, பையை எடுத்த தாயைப் பார்த்து அது கையசைத்தது. பிறர் செய்வதைப் போலச் செய்வது, சொல்லுக்குச் செய்வது, சூழலை அறிந்து தானாகச் செய்வது என்ற இந்த வரிசையில்தான் வணக்கம் சொல்லும் பழக்கமும் பின்னர் வந்து சேரும். ஆதலால், விருந்தினர் முன்னே உட்காரவைத்து, யாரும் போகாத நேரத்தில் "டாட்டா காட்டு" என்று கேட்டுக் கைதட்டுவது, கடைசிப் படிக்கு உதவாது. அங்கே சூழலே இல்லை.

ஒரு வயதாகியும் டாட்டா காட்டவில்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து அஞ்ச வேண்டியதில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். ஆனால் கையசைப்பதோடு, சுட்டிக்காட்டுவது, கையை நீட்டித் தூக்கச் சொல்வது, பெயர் சொன்னால் திரும்புவது ஆகியவையும் இல்லையென்றால், அல்லது இருந்த பழக்கம் மறைந்துவிட்டால், அடுத்த தடுப்பூசி நாள் வரை காத்திராமல் அரசாங்கக் கிளினிக்குக்குச் சென்று, குழந்தையின் சுகாதாரப் பதிவேட்டுடன் தாதியிடம் தெரிவிக்க வேண்டும். அப்போது "டாட்டா காட்டுவதில்லை" என்று மட்டும் சொல்லாமல், எவ்வளவு நேரம் காத்திருந்து பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.